காதருகே கொண்டுபோனால் குரல் ஏன் குறைகிறது?

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 72 வயது. மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். இரவு வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவன் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். என்ன சாப்பிட்டான், வெயில் எப்படி, பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னான் என்று இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்பான். பெரியம்மாவுக்குத் தட்டச்சு வராது. எழுத்தைப் படிக்கவும் கண்ணாடி தேட வேண்டும். அந்தக் குரல்தான் அவருக்குக் கடிதம்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது போனை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "தம்பி, இந்த போன்ல என்னமோ கோளாறுடா. தள்ளி வச்சா நல்லா கேக்குது. சரியா காதுல விழலையேன்னு கிட்ட கொண்டுபோனா முணுமுணுங்குது. கிட்டப் போனா சத்தம் கூடணுமா குறையணுமா, நீயே சொல்லு."

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. போனில் எந்தக் கோளாறும் இல்லை. அது தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நடந்துகொண்டது. காது மந்தமான ஒருவர் செய்யும் இயல்பான செயலும், போனைச் செய்தவர்கள் போட்டிருந்த கணக்கும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்ததுதான் சிக்கல். பெரியம்மா மாதிரி எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் இதையே அனுபவித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு போனில் குரல் வெளியே வர இரண்டு வழி உண்டு. மேல் விளிம்பில், பேசும்போது காதில் படும் இடத்தில் ஒரு சிறு துளை இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இயர்பீஸ். கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அது லவுட்ஸ்பீக்கர். இயர்பீஸ், காதோடு ஒட்டியிருக்கும் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி செய்யப்பட்டது. காதிலிருந்து ஒரு சாண் விலகினாலே அதன் ஒலி ஏறக்குறைய காணாமல் போய்விடும். லவுட்ஸ்பீக்கர் ஒரு அறைக்கே கேட்கும்படி செய்யப்பட்டது. அதற்குக் கொடுக்கப்படும் மின்சக்தியும் பல மடங்கு அதிகம். இப்போது வரும் சில போன்களில் பாட்டுக் கேட்கும்போது மேலே உள்ள இயர்பீஸும் சேர்ந்து ஒலிக்கும். ஆனாலும் அதன் முதல் வேலை காதோடு பேசுவதுதான்.

வாட்ஸ்அப் இந்தக் குரல் அனுப்பும் வசதியை 2013 ஆகஸ்டில் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சராசரியாக 700 கோடி வாய்ஸ் மெசேஜ்கள் போகின்றன. அவ்வளவையும் எல்லாரும் சத்தமாகக் கேட்டால் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் யாரும் உட்கார முடியாது. அதனால் செயலிகள் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கின்றன. அழுத்தினால் லவுட்ஸ்பீக்கரில் கேட்கும். போனைக் காதுக்குக் கொண்டுபோனால் குரல் தானாக இயர்பீஸுக்கு மாறும், திரையும் அணையும். எதையும் தேடி அழுத்த வேண்டியதில்லை. காதில் வைத்தவர் தனியாகக் கேட்க விரும்புகிறார் என்று போன் எடுத்துக்கொள்கிறது.

பெரியம்மா காதுக்குக் கொண்டுபோனது தனியாகக் கேட்பதற்காக அல்ல, சத்தமாகக் கேட்பதற்காக. அந்த வேறுபாடு போனுக்குத் தெரிய வழியே இல்லை. ஏனென்றால் போனுக்குக் காது என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிவது திரும்பி வரும் வெளிச்சம் மட்டும்தான்.

இயர்பீஸுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அடியில், மிளகு அளவில் ஒரு பொருள் இருக்கிறது. அதை ப்ராக்சிமிட்டி சென்சார் என்கிறார்கள். எதிரே ஏதாவது கிட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அதற்குள் இரண்டு பகுதி. ஒன்று அகச்சிவப்பு வெளிச்சத்தை விட்டுவிட்டு அடிக்கும். நம் வீட்டு டிவி ரிமோட்டின் முனையில் இருப்பதும் அதே வகை வெளிச்சம்தான், கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று, எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கும். கன்னமோ காதோ கிட்டே வந்தால் நிறையத் திரும்பும். எதிரே ஒன்றுமில்லை என்றால் வெளிச்சம் போனது போனதுதான்.

இந்த அளவைப் போன் ஓர் எண்ணாகப் பார்க்கிறது. புரிவதற்காக நானே சில எண்களைப் போட்டுச் சொல்கிறேன். எதிரே ஒன்றுமே இல்லாதபோதும் அந்த எண் சுழியாக இருக்காது. சென்சாருக்கு மேலே இருக்கும் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிவிடும். அது 100 என்று வைத்துக்கொள்வோம். கன்னம் இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் வந்தால் 900. போன் செய்தவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள்: 400-ஐத் தாண்டினால் 'கிட்டே' என்று எடுத்துக்கொள். அப்படி எடுத்துக்கொண்ட பிறகு 250-க்குக் கீழே இறங்கினால்தான் 'தள்ளி' என்று மாற்று.

ஒரு கோடு போதாதா, எதற்கு இரண்டு என்று தோன்றலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனால்தான் மோட்டார் ஓடத் தொடங்கும். தொட்டி நிறைந்தால்தான் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மட்டம் வைத்தால், அந்த மட்டத்தில் தண்ணீர் தளும்பும்போதெல்லாம் மோட்டார் ஓடி ஓடி நின்று, எரிந்துபோகும். போனிலும் அப்படித்தான். கை நடுங்கும் ஒருவர் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தால், ஒரே கோடு இருக்கும் போனில் குரல் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்தத் தாவலைத் தடுக்கிறது.

இவ்வளவு அளந்த பிறகும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செயலிக்குப் போய்ச் சேருவது இரண்டே பதில்தான். கிட்டே இருந்தால் 0, தள்ளி இருந்தால் 5. அந்த 5 ஐந்து சென்டிமீட்டரைக் குறிப்பதாகப் பெயர். ஆனால் இடையில் 2, 3 என்றெல்லாம் வராது. மூன்று சென்டிமீட்டரில் இருப்பது காதா, மார்போடு அணைத்த புடவையா, மேசையில் கவிழ்த்து வைத்ததா என்பதையெல்லாம் வாட்ஸ்அப் அறிய முடியாது. 0 வந்தால் இயர்பீஸ், 5 வந்தால் லவுட்ஸ்பீக்கர்.

இந்தத் திருப்பத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பெரியம்மாவின் 'முணுமுணுப்பு'க்கு அதுதான் உண்மையான காரணம். போனில் ஒலி அளவு ஒன்று மட்டும் இல்லை. பாட்டு, வீடியோவுக்கு ஓர் அளவு. போன் பேசுவதற்கு வேறோர் அளவு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். இயர்பீஸ் போன் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்டது என்பதால், ஆண்ட்ராய்டில் ஒரு வாய்ஸ் மெசேஜை அங்கே அனுப்பும் செயலி, 'இது போன் பேச்சு மாதிரியான குரல்' என்று சொல்லித்தான் அனுப்புகிறது. அப்போது பேச்சுக்கு வைத்திருக்கும் அளவுதான் பொருந்தும். பெரியம்மா எப்போதுமே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். அவருடைய இயர்பீஸ் அளவை யாரோ எப்போதோ குறைத்து வைத்திருக்கிறார்கள், அது அப்படியே கிடந்திருக்கிறது.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நீளமான மெசேஜை ஓடவிட்டு, போனை அவர் காதில் வைத்து, திரை அணைந்திருக்கும்போதே பக்கவாட்டில் இருக்கும் ஒலி கூட்டும் பொத்தானை ஆறேழு முறை அழுத்தினேன். காதிலிருந்து எடுத்துவிட்டு அழுத்தினால் பயனில்லை. அப்போது லவுட்ஸ்பீக்கரின் அளவுதான் கூடும். காதில் இருக்கும்போது அழுத்தினால் இயர்பீஸின் அளவு கூடும். "ஆங், இப்ப தெளிவா வருது" என்றார். ஆனாலும் முழுத் திருப்தி இல்லை. வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் கேட்கும், ஆனால் ச, ஸ, த போன்றவை மழுங்கிவிடும். 'சாதம்' என்றது 'ஆதம்' மாதிரி விழும். லவுட்ஸ்பீக்கரின் பலமான ஒலி அவருக்கு இன்னும் தேவையாக இருந்தது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. சென்சார் இருப்பது மேல்முனையில், லவுட்ஸ்பீக்கர் இருப்பது அடிமுனையில். போனின் முகத்தைக் கன்னத்தில் வைக்காமல், அடிமுனை விளிம்பை மட்டும் காதுக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். மேல்முனை தலையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சென்சாருக்கு எதிரே ஒன்றும் இல்லாததால் அது 5 என்றே சொல்லும். ஸ்பீக்கரின் குரல் நேராகக் காதுக்குள் போகும். இதில் எச்சரிக்கையும் ஒன்று: லவுட்ஸ்பீக்கரை முழு அளவில் வைத்துக் காதோடு ஒட்டக் கூடாது. இருக்கும் செவித்திறனையும் அது குறைத்துவிடும். ஒரு கை அகலம் விட்டுப் பிடித்து, பாதி அளவில் தொடங்கிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா இரண்டு முறை செய்து பார்த்துப் பழகிக்கொண்டார்.

அன்று முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வேறு புகார் வந்தது. போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்திருக்கிறது. கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறார்கள். அதன்பிறகு வாய்ஸ் மெசேஜைத் தொட்டாலே திரை கருப்பாகிவிடுகிறது, குரலும் இல்லை. "செத்துப்போச்சுடா தம்பி. அவன் அனுப்புறது எதையும் கேக்க முடியல" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்துச் சொன்னார். குரலில் நிஜமான வருத்தம்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். இதே தொல்லை உள்ளவர்கள் இதே வரிசையில் பார்த்துக்கொள்ளலாம். முதலில், வீடியோவில் சத்தம் வருகிறதா? வருகிறது என்றார். அப்படியென்றால் லவுட்ஸ்பீக்கர் கெடவில்லை. இரண்டாவது, இயர்போன் மாட்டி அதே வாய்ஸ் மெசேஜைப் போட்டால்? பேத்தி மாட்டிப் பார்த்துச் சொன்னாள், நன்றாகக் கேட்கிறது. ஆக மெசேஜிலும் குறை இல்லை, வாட்ஸ்அப்பிலும் இல்லை. மூன்றாவது, சாதாரணமாகப் போன் பேசும்போது திரை எரிகிறதா? "அதையும் சொல்லணும்னு நெனச்சேன். பேச ஆரம்பிச்சா இருட்டாயிடுது. கட் பண்ணக்கூட முடியல, அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வைக்கணும்." அதைக் கேட்டதும் ஐயமே இல்லை. போன் பேச்சும் வாய்ஸ் மெசேஜும் பொதுவாக நம்பியிருப்பது அந்த மிளகளவு சென்சாரை. அது எப்போதும் 'கிட்டே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. திரை அணைந்தது சென்சார் சொன்னதால். குரல் வராமல் போகவில்லை. யாருடைய காதும் இல்லாத இயர்பீஸில் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் நேரில் போனபோது, சென்சார்களின் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் போட்டேன். கை எட்டாத தூரத்தில் மேசைமேல் வைத்தாலும் 0 என்றே காட்டியது. சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்குப் பல மாடல்களில் தனிச் செயலிகூட வேண்டாம். எண் அழுத்தும் இடத்தில் `*#0*#` என்று அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் சென்சார் பகுதிக்குப் போய் மேல்முனையைக் கையால் மூடினால் திரை பச்சையாகி போன் அதிரும். கையை எடுத்தால் பழையபடி ஆக வேண்டும். எடுத்த பிறகும் பச்சையாகவே நின்றால் சென்சார் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முதலில் திரைமேல் ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸைப் பிரித்தேன். மலிவான கிளாஸ்களில் சென்சாருக்கு இடம் விடாமல் கருப்புக் கரை போட்டிருப்பார்கள். அந்தக் கரை அகச்சிவப்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பிவிடும். விளிம்பு சற்றுத் தூக்கி அடியில் தூசியோ தலை எண்ணெயோ புகுந்திருந்தாலும் இதே கதைதான். பல போன்களுக்கு இந்த ஒரு படியிலேயே சரியாகிவிடும். இதில் ஆகவில்லை. இயர்பீஸ் இருக்கும் இடத்தை மெல்லிய துணியால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். அப்போதும் 0.

பிறகு கடைக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த இளைஞர் டிஸ்ப்ளேயைக் கழற்றிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். சென்சாரைச் சுற்றி, வெளிச்சம் அடிக்கும் பகுதிக்கும் அளக்கும் பகுதிக்கும் நடுவே தடுப்பு வைத்தாற்போல் ஒரு கருப்பு ரப்பர் உறை இருக்க வேண்டும். பழைய டிஸ்ப்ளேயோடு ஒட்டிக்கொண்டு அது போய்விட்டிருந்தது. புதியதில் போடவில்லை. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால், அடித்த வெளிச்சம் வெளியே போகாமல் கண்ணாடிக்கு அடியிலேயே பக்கவாட்டில் வழிந்து அளக்கும் பகுதிக்கு வந்துவிடும். முன்னே சொன்ன எண்களில் பார்த்தால், ஒன்றுமே இல்லாதபோது 100 இருக்க வேண்டிய இடத்தில் 600 இருக்கும். 400 என்ற கோட்டை அது எப்போதோ தாண்டிவிட்டது. 250-க்கு இறங்கவே போவதில்லை. வெறும் காற்றைப் பார்த்தே போன் 'கன்னம்' என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு பழைய போனிலிருந்து அதே அளவு ரப்பரை எடுத்து வைத்து மூடினார். மேசையில் வைத்தோம். 5. கையை மேலே கொண்டுபோனேன், 0. எடுத்தேன், 5. டிஸ்ப்ளே மாற்றக் கொடுப்பவர்கள் எல்லாரும் காசு கொடுக்கும் முன்னால் அந்தக் கடையிலேயே நின்று யாருக்காவது ஒரு கால் போட்டு, மேல்முனையைக் கையால் மூடித் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். திரையின் நிறத்தையும் தொடு உணர்வையும் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, பேசிக்கொண்டிருக்கும்போதே திரை விழித்துக்கொண்டு கன்னம் பட்டு அழைப்பு துண்டானது என்று பலர் குறை சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த iOS 4.1-ல்தான் அது திருத்தப்பட்டது. பெரியம்மாவின் போன் எப்போதும் 'கிட்டே' என்றது. அது கன்னம் இருந்தும் 'தள்ளி' என்றது. எதிர்ப்பக்கக் கோளாறு.

அந்த எதிர்ப்பக்கக் கோளாறு நம் ஊரில் சாதாரணமாகவே வரக்கூடியது. கருப்பு முடி அகச்சிவப்பு வெளிச்சத்தை மிகக் குறைவாகவே திருப்பும். காதை மூடினாற்போல் அடர்த்தியாகக் கூந்தல் விழுந்திருக்கும் ஒரு பெண் போனைக் காதில் வைத்தால், சென்சாருக்கு எதிரே இருப்பது கன்னம் அல்ல, கூந்தல். அது 900 தராது. 200 வந்தால் பெரிது. 400 கோட்டைத் தொடாததால் குரல் ஸ்பீக்கரிலேயே தொடரும், காதுக்குள் அலறும். வாய்ஸ் மெசேஜ் திடீரென்று காதில் கத்துகிறது என்று சொல்லும் தோழிகள், முடியை ஒதுக்கிவிட்டு ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும்.

இதில் எனக்கே நேர்ந்த ஒன்றும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் வரும்போது நண்பர் ஒருவர் தன் மருத்துவப் பரிசோதனை முடிவைப் பற்றி வாய்ஸ் அனுப்பியிருந்தார். தட்டிவிட்டு உடனே காதுக்குக் கொண்டுபோனேன். அதற்குள் முதல் மூன்று நான்கு சொற்கள் பஸ்ஸுக்கே கேட்டுவிட்டன. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நண்பருடைய துயரம் முன்பின் தெரியாத ஒருவர் காதில் விழுந்தது இன்னும் என்னை உறுத்துகிறது.

அது ஏன் நேர்ந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். செயலி இந்த சென்சாரை எப்போதும் ஓடவிட்டிருப்பதில்லை. நாம் தட்டிய பிறகுதான் அதை எழுப்புகிறது. எப்போதும் விழித்திருந்தால், எழுதும்போது விரல் மேல்முனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திரை அணைந்துவிடும். ஆகவே தட்டிய நொடியில் குரல் ஸ்பீக்கரில் கிளம்பிவிடும். கை மேலே போகவும், சென்சார் கண்டுகொள்ளவும், ஓடும் ஒலியை நிறுத்தி வேறு வழியில் திறக்கவும் அரை நொடியாவது பிடிக்கும். சில செயலிகள் மாறும்போது கொஞ்சம் பின்னுக்குப் போய் மறுபடி தொடங்கும். நமக்கு ஒரு சொல்லும் தவறாது, ஆனால் ஊருக்குக் கேட்டது கேட்டதுதான்.

இப்போது ஆண்ட்ராய்டு போனில் நான் செய்வது இதுதான்: பொது இடமென்றால் முதலில் பாட்டு, வீடியோ ஒலியளவைச் சுழிக்கு இறக்கிவிடுகிறேன். பிறகு தட்டிக் காதில் வைக்கிறேன். ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. இயர்பீஸுக்குத் தனி அளவு இருப்பதால் அங்கே வழக்கம்போல் கேட்கும். பெரியம்மாவைத் தொல்லைப்படுத்திய அந்த இரண்டு அளவுகளே இங்கே உதவிக்கு வருகின்றன. பையில் இயர்போன் இருந்தால் இன்னும் நல்லது. அதை மாட்டியிருக்கும்போது குரல் அதற்குத்தான் போகும்.

காதுக்குத் தூக்கினாலே மெசேஜ் ஓடத் தொடங்கும் வகையும் உண்டு. ஐபோனின் மெசேஜஸ் செயலியில் 2014-ல் iOS 8-உடன் வந்த Raise to Listen அப்படிப்பட்டது. போன் மேலே எழும் அசைவையும் கிட்டே வந்த முகத்தையும் சேர்த்துப் பார்த்துத் தொடங்கும். அதோடு அங்கே தூக்கிப் பிடித்துப் பேசினால் பதிவும் தொடங்கிவிடும். டெலிகிராமிலும் இப்படியொரு வசதி இருக்கிறது. கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் பழக்கம் உள்ளவர்கள் செட்டிங்ஸில் போய் இதை அணைத்துவிடுவது நல்லது. வேண்டாத பேச்சு வேண்டாதவருக்குப் போய்ச் சேரக்கூடும்.

புதிய போன்களில் மேலே அந்தச் சிறு கருப்புப் புள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. சில மாடல்களில் அது திரைக்கு அடியிலேயே போய்விட்டது. 2019-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல், பேசும்போது திரையின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்குவதைக் கண்டு திரை பழுது என்று பயந்தவர்கள் உண்டு. அது திரைக்கு அடியிலிருந்து வேலை செய்யும் சென்சார்தான். ஆப்பிளும் 2022-ல் ஐபோன் 14 ப்ரோவில் அதைத் திரைக்குப் பின்னே கொண்டுபோனது.

சென்சாரையே விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் ஷாவ்மியின் மி மிக்ஸ், எலிப்டிக் லேப்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் முறையைப் பயன்படுத்தியது. மனிதக் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியை அனுப்பி, முகத்தில் பட்டுத் திரும்புவதை மைக்கால் கேட்பது. வௌவால் இருட்டில் பறப்பது போன்ற வழி. சாம்சங்கின் விலை குறைந்த ஏ வரிசைப் போன்கள் சிலவற்றில் 'Virtual Proximity Sensing' என்று விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கும். அங்கே தனி வெளிச்சம் இல்லை. போன் தூக்கப்பட்ட அசைவும் திரையில் கன்னம் படுவதும்தான் அடையாளம். இப்படிப்பட்ட போனில் வாய்ஸ் மெசேஜைக் கேட்கும்போது காதுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் மாற்றம் நடக்காமல் போகலாம். கன்னத்தோடு நன்றாகச் சேர்த்து வைத்தால்தான் கண்டுகொள்ளும். அதே போனைப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், அதன் விவரக்குறிப்பை ஒருமுறை பார்த்துவிடலாம்.

பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் காது கேட்கும் கருவி வரப்போகிறது. காதின் பின்புறம் மாட்டும் வகை. அதன் மைக் இருப்பது காதுத் துளையில் அல்ல, காது மடலின் மேல்பக்கம். இயர்பீஸை வழக்கமான இடத்தில் வைத்தால் கருவிக்குச் சரியாகக் கேட்காது. போனைச் சற்று மேலே ஏற்றி, மடலின் உச்சிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அங்கே சென்சாருக்கு எதிரே வருவது கன்னம் அல்ல, தலைமுடி. கருப்பு முடியாக இருந்திருந்தால் குரல் ஸ்பீக்கருக்குத் தாவிவிடுமோ என்று கவலைப்பட்டிருப்பேன். நரைத்த முடி வெளிச்சத்தை நன்றாகவே திருப்பும். அவருக்கு முழுக்க நரைத்துவிட்டது. கருவி வந்ததும் போய், மஸ்கட்டிலிருந்து வந்த மெசேஜ் ஒன்றை ஓடவிட்டு, எந்த இடத்தில் வைத்தால் 'ச' தெளிவாகக் கேட்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடப் போகிறோம்.